ஐந்தால் வகுத்ததற்கு ஒரு வரியா?

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டில் விஎல்டிஎல் என்று ஒரு வரி வருகிறதே, அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எடுக்க மனமில்லை என்றால், பக்கத்திலேயே "இது அளந்தது அல்ல, கணக்குப் போட்டது" என்று மற்ற எழுத்துகளின் அளவிலேயே அச்சடிக்க வேண்டும். அந்த எண்ணை நம் ஊர் லேப்களில் யாரும் அளப்பதில்லை. ட்ரைகிளிசரைடு என்ற வரியில் உள்ள எண்ணை ஐந்தால் வகுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். நம்பாதவர்கள் பீரோவில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வகுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது ரிப்போர்ட்டில் தசமப் புள்ளி வரை ஒத்துப்போகும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ரிஜிஸ்டரில் அளந்த எண்களை நீல மையில் எழுதிவிட்டு, மேஜை மேல் இருக்கும் கால்குலேட்டரைத் தட்டி மற்றதை எழுதுவோம். இப்போது அந்தக் கால்குலேட்டர் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. கணக்கு அன்றைக்குப் போட்ட அதே கணக்குதான். ஆனால் அன்று யாரும் அதை "எட்டு டெஸ்ட் கொண்ட பேக்கேஜ்" என்று போர்டு வைத்து விற்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் இருக்கிறார். போன மாதம் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டோடு வந்தார். "சார், எட்டு வரியில ஏழு தடிச்ச எழுத்துல வந்திருக்கு. அதுல இந்த விஎல்டிஎல் 48-ன்னு இருக்கு, முப்பதுக்குள்ள இருக்கணுமாம். இது புதுசா ஒரு வியாதியா?" என்றார். அதற்குள் அவருடைய உறவினர் ஒருவர் விஎல்டிஎல்லைக் கரைக்கும் பொடி என்று ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு ஒரு டப்பாவை வாங்கிக் கொடுத்திருந்தார்.

அவர் ரிப்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 212. ட்ரைகிளிசரைடு 240. எச்டிஎல் 38. எல்டிஎல் 126. விஎல்டிஎல் 48. நான்-எச்டிஎல் 174. மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் 5.6. எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் 3.3. மொத்தம் எட்டு வரி.

இதில் மெஷின் அளந்தது முதல் மூன்றை மட்டும்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது ரத்தத்தில் உள்ள எல்லாக் கொலஸ்ட்ராலும் சேர்ந்தது. சீரத்தில் என்சைம் கலந்தால் நிறம் வரும், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் பார்த்துச் சொல்லும். ட்ரைகிளிசரைடு என்பது கொழுப்பு, அதாவது நாம் சாப்பிடும் எண்ணெய், நெய் எந்த வகையோ அதே வகை. அதற்கு வேறு என்சைம், ஆனால் முறை அதேதான். எச்டிஎல்லுக்கு மற்றத் துகள்களை மறைத்துவிட்டு, அந்தத் துகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை மட்டும் அளக்கும் மருந்து இருக்கிறது.

மீதி ஐந்தும் மனக்கணக்கு. 240-ஐ ஐந்தால் வகுத்தால் 48, அதுதான் விஎல்டிஎல். 212-இல் 38-ஐயும் 48-ஐயும் கழித்தால் 126, அதுதான் எல்டிஎல். 212-இல் 38 போனால் 174, நான்-எச்டிஎல். பிறகு இரண்டு வகுத்தல். ஹெட்மாஸ்டர் பேப்பரும் பேனாவும் எடுத்து அவரே போட்டுப் பார்த்தார். "ஆறாங்கிளாஸ் பையன் போடுவானே சார்" என்றார். போடுவான்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விஎல்டிஎல் 30-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். 150-ஐ ஐந்தால் வகுத்தால் 30. வரம்பையும் வகுத்தே போட்டிருக்கிறார்கள்! ஆகவே ட்ரைகிளிசரைடு வரம்பைத் தாண்டினால் விஎல்டிஎல்லும் தாண்டியே தீரும். தாண்டாவிட்டால் இதுவும் தாண்டாது. ஒரே திருட்டுக்கு இரண்டு எஃப்ஐஆர் போட்ட மாதிரி. சில லேப்களில் விஎல்டிஎல் வரம்பு 40 என்று இருக்கும். அங்கே ட்ரைகிளிசரைடு 180 என்றால் ஒரு வரி தடித்த எழுத்தில் வரும், அடுத்த வரி 36, நார்மல் என்று வரும். ஒரே எண் ஒரே தாளில் ஒரு இடத்தில் கெட்டது, இன்னொரு இடத்தில் நல்லது.

விஎல்டிஎல் என்று ஒன்று உடம்பில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா, அதனால் கல்லீரல் தான் தயாரிக்கும் கொழுப்பை ஒரு சின்ன உருண்டையாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்த உருண்டைதான் விஎல்டிஎல். சரக்கு லாரி மாதிரி. அதில் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு இருக்கும், கூடவே கொஞ்சம் கொலஸ்ட்ராலும் இருக்கும். போகிற வழியில் ட்ரைகிளிசரைடை தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் இறக்கிவிட்டு, சுருங்கி, கடைசியில் அதில் ஒரு பகுதி எல்டிஎல்லாக மாறுகிறது. ரிப்போர்ட்டில் உள்ள விஎல்டிஎல் எண் என்பது அந்த லாரிகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதற்கு ஒரு குத்துமதிப்பு.

அந்தக் குத்துமதிப்பு வந்த கதையைச் சொல்ல வேண்டும். எல்டிஎல்லைச் சரியாக அளக்க ஒரு காலத்தில் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் என்ற ராட்சத மெஷின் வேண்டும். ரத்தத்தை மணிக்கணக்காக அசுர வேகத்தில் சுற்றவிட்டுத் துகள்களைப் பிரிக்க வேண்டும். ஊருக்கு ஊர் அதை வைக்க முடியுமா? 1972-இல் அமெரிக்காவில் ஃபிரீட்வால்ட், லெவி, ஃபிரெட்ரிக்சன் என்ற மூன்று பேர் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள். வெறும் வயிற்றில் இருக்கும்போது ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடில் பெரும்பகுதி விஎல்டிஎல் உருண்டைகளில்தான் இருக்கிறது. அந்த உருண்டைகளில் ஐந்து பங்கு ட்ரைகிளிசரைடுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆகவே ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்தில் கழித்தால் எல்டிஎல் கிடைக்கும். 448 பேரின் ரத்தத்தில் இதைச் சரிபார்த்தார்கள்.

அது பெரிய உபகாரம். அந்த ஒரு சூத்திரத்தால்தான் தாலுகா ஆஸ்பத்திரியில்கூட எல்டிஎல் பார்க்க முடிந்தது. கணக்குப் போடுவது மோசடி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தேடியது எல்டிஎல். ஐந்தால் வகுத்தது அங்கே போய்ச்சேர வைத்த ஏணி. எல்டிஎல் 150, 180 என்று பெரிதாக இருக்கும்போது, நடுவில் விஎல்டிஎல் ஐந்தோ ஆறோ கூடக் குறைய இருந்தாலும் விடையைப் பெரிதாகப் பாதிக்காது என்பதுதான் அந்தக் கணக்கின் பலம். நம் லேப்கள் என்ன செய்தன? ஏறிய பிறகு ஏணியையும் ஒரு பண்டமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்து விலை போட்டுவிட்டன.

ஐந்து என்பது இயற்கை வகுத்த எண்ணும் இல்லை. மகனோ மகளோ லண்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர்கள் அங்கே எடுத்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். அங்கே அளவு மில்லிகிராமில் இல்லை, மில்லிமோலில் இருக்கும். அந்த அளவில் இதே கணக்குக்கு வகுக்கும் எண் 2.2. உடம்பு மாறவில்லை, படி மாறியது, வகுக்கும் எண்ணும் மாறியது.

ஆளுக்கு ஆளும் அது மாறும். 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ட்டின் என்ற டாக்டரும் அவர் குழுவும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்த அளவுகளை வைத்துப் பார்த்து ஒரு அட்டவணை போட்டார்கள். ஐந்து என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு வகுக்கிறோமே, அந்த எண் நிஜத்தில் சுமார் 3-இல் இருந்து 12 வரை போகிறது. ட்ரைகிளிசரைடு குறைவாக இருப்பவர்களுக்கு ஐந்துக்குக் கீழே, அதிகமாக இருப்பவர்களுக்கு ஐந்துக்கு மேலே. காரணம் எளிது. ட்ரைகிளிசரைடு ஏறும்போது கல்லீரல் அனுப்பும் லாரிகள் பெரிதாகின்றன. கொழுப்புச் சரக்கு கூடுகிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் கூடுவதில்லை. அப்போதும் ஐந்தாலேயே வகுத்தால் விஎல்டிஎல் நிஜத்தைவிட அதிகமாக வரும். அதிகமானதைக் கழித்தால் எல்டிஎல் நிஜத்தைவிடக் குறைவாக வரும்.

இனிமேல்தான் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். பொடி டப்பாவில் போகிற ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர், சர்க்கரையும் உண்டு, தினம் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 138, ட்ரைகிளிசரைடு 290, எச்டிஎல் 36. லேப் என்ன போடும்? 290-ஐ ஐந்தால் வகுத்து விஎல்டிஎல் 58. 138-இல் 36-ம் 58-ம் போக எல்டிஎல் 44. இதய நோயாளிக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும், 55-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 44 என்றால் அமோகம்! வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ரொம்பக் குறைஞ்சிடுச்சு போலிருக்கே, மாத்திரையைப் பாதியாக்கிடலாமா?" என்று பேச்சு ஆரம்பிக்கும்.

ஆனால் இவருக்குச் சரியான வகுக்கும் எண் ஏழு என்று வையுங்கள். 290 ட்ரைகிளிசரைடில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்போது விஎல்டிஎல் 41, எல்டிஎல் 61. நாற்பத்து நாலு எங்கே, அறுபத்து ஒன்று எங்கே? 55-க்குக் கீழே வர வேண்டும் என்று டாக்டர் நினைத்திருந்தால் இவர் பாஸ் ஆகவில்லை. ஆனால் கையில் இருக்கிற தாள் டிஸ்டிங்ஷன் என்கிறது. 1972-இல் இந்த அளவுக்கு எல்டிஎல்லைக் குறைக்கிற மாத்திரையே கிடையாது. எல்டிஎல் 150 இருந்தபோது 17 பிசகினால் பெரிய விஷயம் இல்லை. 60 இருக்கும்போது 17 பிசகினால் அது கால்பங்குக்கு மேல்.

இங்கேதான் நான்-எச்டிஎல் என்ற வரியின் அருமை தெரியும். அதுவும் கணக்குதான், ஆனால் அதில் ஊகம் இல்லை. அளந்த இரண்டு எண்களைக் கழிக்கிறோம், 138-இல் 36 போக 102. எல்டிஎல், விஎல்டிஎல் என்று எந்த லாரியில் எவ்வளவு என்று பங்கு பிரிக்காமல், ரத்தக்குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. இதற்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கு, எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டியது. எல்டிஎல் 70 என்றால் இது 100. எல்டிஎல் 55 என்றால் இது 85. இவருக்கு 102. எல்டிஎல் 44 என்று தட்டிக் கொடுத்த அதே ரிப்போர்ட்டில், இந்த வரி மட்டும் "இன்னும் வேலை இருக்கிறது" என்கிறது. சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. இத்தனை உபயோகமான வரியைப் பல லேப்கள் போடுவதே இல்லை. போட்டாலும் கடைசியில், விகிதங்களுக்குக் கீழே, அனாதை மாதிரி கிடக்கும். விஎல்டிஎல்லுக்கு மட்டும் நடுவில் சிம்மாசனம்.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று கண்டுபிடித்தவர்களே எழுதி வைத்தார்கள். ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ட்ரைகிளிசரைடு 1000, மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எச்டிஎல் 25 உள்ள ஒருவருக்கு ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் 200. கழித்தால் எல்டிஎல் மைனஸ் 5! ரத்தத்தில் மைனஸ் கொலஸ்ட்ரால் ஏது? நல்ல லேப் அந்த இடத்தில் எண்ணே போடாது. இவருக்கு விஎல்டிஎல்லைப் பற்றிக் கவலைப்படவும் நேரம் இல்லை. இந்த அளவு ட்ரைகிளிசரைடு கணையத்தையே வீங்க வைக்கும், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வெறும் வயிறு என்பதற்கும் இதுதான் காரணம். நேற்று ராத்திரி கல்யாண ரிசப்ஷனில் லேட்டாகச் சாப்பிட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு ரத்தம் கொடுத்தால், சாப்பாட்டுக் கொழுப்பைக் குடல் ஏற்றி அனுப்பிய வேறு வகை உருண்டைகள் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவற்றில் ட்ரைகிளிசரைடு ஏராளம், கொலஸ்ட்ரால் மிகக் கொஞ்சம். அவற்றையும் சேர்த்து ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் வீங்கும், எல்டிஎல் இளைக்கும். மது அருந்தினாலும் ட்ரைகிளிசரைடு ஏறும். அதுவும் இல்லாமல், ஒழுங்காகப் பட்டினி இருந்தாலே ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் ட்ரைகிளிசரைடு இருபது சதவீதம் ஏறி இறங்குவது சகஜம். "விஎல்டிஎல் 48-லிருந்து 40-க்கு இறங்கிடுச்சு, பொடி வேலை செய்யுது" என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

லேப்காரர்கள் பதில் என்ன? இரண்டு சொல்வார்கள். ஒன்று, "டாக்டர்கள் கேட்கிறார்கள்". மாத்திரை எழுதுகிற டாக்டர் பார்ப்பது எல்டிஎல், நான்-எச்டிஎல், ட்ரைகிளிசரைடு. விஎல்டிஎல் என்ற வரியை வைத்து எழுதப்படும் மாத்திரை எதுவும் கிடையாது. ட்ரைகிளிசரைடு அதிகமென்றால் அதற்கு என்ன செய்வார்களோ அதுவேதான் இதற்கும். இரண்டாவது, "ஒரு வரி கூட இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் உண்டு. மூன்று அளவை எட்டு டெஸ்ட் என்று காட்டுவது நேர்மை இல்லை. ஹெட்மாஸ்டர் ஏழு வியாதி என்று பயந்தாரே, அவருக்கு இருந்தது கூடிய ட்ரைகிளிசரைடும் குறைந்த எச்டிஎல்லும். நம் ஊரில் சர்க்கரை, தொப்பை, அரிசிச் சாப்பாடு, உட்கார்ந்தே இருப்பது என்று சேரும்போது வருகிற அதே ஜோடி. பார்க்க வேண்டியது சர்க்கரையையும் எடையையும். விஎல்டிஎல் என்ற பெயர் அவரை அங்கே போகவிடாமல் பொடிக்கடைக்குத் திருப்பிவிட்டது.

உங்கள் எல்டிஎல் அளந்ததா, கணக்கா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். எச்டிஎல், எல்டிஎல், விஎல்டிஎல் மூன்றையும் கூட்டுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் அச்சு அசலாக வந்தால், அநேகமாக எல்டிஎல் கணக்கில் வந்தது. சில எண்கள் இடித்தால் அதை நேரடியாக அளந்திருக்கலாம். பயப்பட வேண்டாம், அது தப்பு இல்லை. எண்ணின் பக்கத்தில் பொடி எழுத்தில் கால்குலேட்டட் அல்லது டைரக்ட் என்றும் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருந்து, எல்டிஎல்லும் ரொம்பக் குறைவாக இல்லை என்றால் கணக்கிட்ட எல்டிஎல்லே போதும், அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். ட்ரைகிளிசரைடு 200-ஐத் தாண்டி, எல்டிஎல் 70-க்குக் கீழே காட்டினால் மட்டும் உஷாராக இருங்கள். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து வரும் எண்ணைப் பேனாவால் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அதைச் செய்யாமல் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

லேப்களிடம் கேட்க வேண்டியது இரண்டே. அளந்த மூன்று எண்களை மேலே போடு, அவற்றின் கீழே ஒரு கோடு போட்டு "கணக்கிட்டவை" என்று தலைப்புக் கொடுத்து மற்றதைப் போடு. அந்தக் கணக்குகளில் முதலிடத்தை நான்-எச்டிஎல்லுக்குக் கொடு, விஎல்டிஎல்லை எடுத்துவிடு. கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் மாதிரியை மாற்றப் பத்து நிமிஷம் ஆகும், ஒரு பைசா செலவில்லை. அடுத்த தடவை ரத்தம் கொடுக்கப் போகும்போது கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கேளுங்கள்: "இதுல எத்தனை வரிம்மா நீங்க அளக்கறீங்க?" அவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் டெக்னீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியும்.